டிஎல், க்யூஏ ஐஜேபிக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தமிழ் கஸ்டமர் சப்போர்ட் ஃப்ளோரில் க்வாலிட்டி வேலை பார்க்கிறேன். ஏஜென்டாகச் சேர்ந்து இங்கே வந்தவள்தான். ஐஜேபி, அதாவது கம்பெனிக்குள் இருப்பவர்களுக்காகவே அறிவிக்கப்படும் பதவிகளுக்கான இன்டர்வியூ பேனலில் இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டு வருவது ஒன்றேதான்: தங்கள் ஸ்கோர்கார்டு, அதாவது க்வாலிட்டி மார்க், ஏஹெச்டி என்கிற சராசரிக் கால் நேரம், வருகை எல்லாம் சேர்ந்த தாள். "என் க்வாலிட்டி ஸ்கோர் எப்பவும் 95-க்கு மேல மேடம், ஏஹெச்டி டார்கெட்டுக்குள்ள இருக்கு, லீவே எடுத்ததில்ல."

அது நல்ல ஏஜென்ட் என்பதற்கான சான்று. பேனல் தேடுவது வேறு. டிஎல், அதாவது டீம் லீடர் ஆனால் பதினைந்து இருபது பேருடைய எண்கள் உங்கள் தலையில் ஏறும். நீங்கள் கால் எடுப்பதே நின்றுபோகும். க்வாலிட்டி பார்க்கும் க்யூஏ ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் பேசியதைக் கேட்டு மார்க் போட்டு, அந்த மார்க்கை அவரிடமே உட்கார்ந்து விளக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் வேண்டியது, அடுத்தவருடைய காலை உங்களுக்குப் படிக்கத் தெரியும், அடுத்தவருடைய எண்ணை உங்களால் அசைக்க முடியும் என்பதற்கான ஆதாரம். அந்த ஆதாரத்தை ஏஜென்ட் சீட்டில் இருந்தபடியே சேர்க்க முடியும். எங்கள் ஃப்ளோரில் ஒரு பெண் அதைச் செய்தாள். அவள் செய்த வழியைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

தகுதி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ப்ராசஸில் குறிப்பிட்ட மாதங்கள் முடித்திருக்க வேண்டும், கடைசி சில மாத ஸ்கோர்கார்டு டார்கெட்டைத் தொட்டிருக்க வேண்டும், வார்னிங் லெட்டர் இருக்கக் கூடாது, சொல்லாமல் லீவு போட்டிருக்கக் கூடாது. மாதக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஹெச்ஆர் பாலிசியில் எழுதியிருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள். இது உள்ளே நுழைய விடும் கதவு, அவ்வளவுதான். உள்ளே வந்த பிறகு 94-க்கும் 97-க்கும் பேனல் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை.

அவள் தொடங்கியது ஆடிட் ஃபார்மில் இருந்து. மாதத்துக்குச் சில கால்களை க்யூஏ கேட்டு, மார்க் போட்டு, ஃபீட்பேக் அனுப்புவது எல்லா ஏஜென்டுக்கும் நடப்பதுதான். மார்க் கம்மி என்றால் டிஸ்ப்யூட் போடுவோம், சரியென்றால் 'அக்னாலெட்ஜ்' பட்டனை அழுத்திவிட்டு அடுத்த காலுக்குப் போய்விடுவோம். இவள் தன் டிஎல்லிடம் ஒரு உதவி கேட்டாள். "அண்ணா, ஸ்கோரை எனக்கு உடனே காட்டாதீங்க. ரெக்கார்டிங்கை முதல்ல கேக்க விடுங்க, நானே மார்க் போட்டுத் தரேன், அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்." காலி ஃபார்ம் ஒன்றையும், ஒவ்வொரு பாராமீட்டரையும் எப்படி அளப்பது என்று விளக்கும் டெஃபினிஷன் ஷீட்டையும் வாங்கிக்கொண்டாள். பல ஏஜென்டுகள் அந்த ஷீட்டைப் பார்த்ததே இல்லை. கேட்டால் கொடுப்பார்கள்.

ஒரு காலை எடுத்துக்கொள்வோம். கஸ்டமர் ஆன்லைனில் பொருள் வாங்கும்போது யூபிஐயில் பணம் கட்டியிருக்கிறார். அக்கவுண்டில் பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை. ஏஜென்ட் பணிவாகப் பேசுகிறார், மன்னிப்புக் கேட்கிறார், வெரிஃபிகேஷன் சரியாகச் செய்கிறார், ஹோல்டில் போடும் முன் அனுமதி கேட்கிறார். கடைசியில் "ஃபைவ் டு செவன் வொர்க்கிங் டேஸ்ல உங்க அக்கவுண்ட்டுக்கே ரிட்டர்ன் வந்துடும் சார்" என்று சொல்லி முடிக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. க்யூஏ 86 போட்டிருந்தார், 'முழுமையற்ற தகவல்' என்று ஒரு கழிவோடு. இவள் போட்டது பூஜ்யம்.

பூஜ்யம் போடக் காரணம், ஆடிட் ஃபார்மில் தவறுகள் இரண்டு வகை. சாதாரணத் தவறுக்கு அந்தப் பாராமீட்டரின் மார்க் மட்டும் போகும். 'ஃபேட்டல்' என்றால் மொத்தக் காலும் பூஜ்யம். வெரிஃபிகேஷன் செய்யாமல் அக்கவுண்ட் விவரம் சொல்வது, கஸ்டமரைத் திட்டுவது, வேண்டுமென்றே காலைத் துண்டிப்பது, தவறான தகவல் தருவது எல்லாம் வழக்கமாக இதில் வரும். இவளுடைய வாதம் இதுதான்: 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் நின்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அந்த நாள் கேலண்டர் நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. 'ஐந்து முதல் ஏழு வொர்க்கிங் டேஸ்' என்று சொன்னால் கஸ்டமர் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக்கூடும். தனக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. எனவே இது தவறான தகவல், ஃபேட்டல் என்றாள்.

டெஃபினிஷன் ஷீட்டைத் திறந்து பார்த்தோம். 'கஸ்டமருக்குப் பண இழப்போ, தவறான நடவடிக்கையோ ஏற்படுத்தும் தகவல்' என்று எழுதியிருந்தது. இவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஏஜென்ட் படித்துச் சொன்னது நாலெட்ஜ் பேஸில் இருந்த வரியைத்தான் என்பதும் தெரிந்தது. கம்பெனி எழுதிக்கொடுத்ததைச் சொன்னவருக்கு ஃபேட்டல் போடலாமா? அடுத்த கேலிப்ரேஷன் மீட்டிங்கில், அதாவது க்யூஏக்கள், டிஎல்கள், கிளையன்ட் ஆட்கள் எல்லாரும் ஒரே காலைக் கேட்டுத் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிடும் கூட்டத்தில், இதை வைத்தோம். ஏஜென்டுக்கு மார்க் குறைக்க வேண்டாம், ப்ராசஸ் பிழையாகப் பதிவு செய்யலாம் என்று முடிவானது. பேசாமல் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க அவளுக்கும் அனுமதி கிடைத்தது. க்யூஏ வேலையின் பாதி அந்த அறையில்தான் இருக்கிறது. 'எனக்கு இப்படித் தோன்றியது' என்பவருக்கு அங்கே மதிப்பில்லை. ஷீட்டில் உள்ள எந்த வரி, ரெக்கார்டிங்கில் எந்த நிமிடம் என்று காட்டுகிறவர் பேச்சுதான் நிற்கும்.

இப்படி மார்க் போட்டுப் பழகும்போது பலர் மொத்த ஸ்கோரை மட்டும் ஒப்பிட்டு, "நான் 88, க்யூஏ 86, கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று திருப்தியடைகிறார்கள். இது ஏமாற்றும். நீங்கள் ஓப்பனிங்கில் கழித்த மார்க்கை அவர் ப்ரோபிங்கில், அதாவது விஷயத்தைத் தோண்டிக் கேட்பதில் கழித்திருக்கலாம். மொத்தம் ஒத்துப்போகும், தீர்ப்பு ஒத்துப்போகாது. அதனால் பாராமீட்டர் பாராமீட்டராகப் பாருங்கள். ஃபார்மில் 12 பாராமீட்டர், 10 கால் கேட்டிருக்கிறீர்கள் என்றால் மொத்தம் 120 கட்டம். அதில் 102 கட்டத்தில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் 85 சதவீதம் பொருத்தம். மீதி 18 எங்கே குவிகிறது என்பதுதான் பாடம். பெரும்பாலும் எம்பதி, ப்ரோபிங் இரண்டிலும்தான் குவியும், ஏனென்றால் அங்கே அளவுகோல் மங்கலாக இருக்கிறது. கிரீட்டிங் சொன்னாரா இல்லையா என்பதில் சண்டை வராது. உங்கள் பொருத்தம் எங்கிருந்து எங்கே ஏறியது, எந்தப் பாராமீட்டரில் இன்னும் விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேனலுக்கு வந்தால், அன்று வருகிற மற்றவர்கள் யாரிடமும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கும்.

அந்த யூபிஐ கால் அவளை விடவில்லை. ஒரே விஷயத்துக்குக் கஸ்டமர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதற்கு இந்த வரிதான் காரணமா என்று பார்க்க நினைத்தாள். ஏஜென்டுக்கு ஃப்ளோர் முழுதுக்குமான ரிப்போர்ட் கிடைக்காது. ஆனால் தன்னிடம் வரும் கஸ்டமரின் பழைய கால் நோட்ஸ் ஸ்க்ரீனில் தெரியும். அது போதும். கால் முடிந்து நோட்ஸ் எழுதும் ஆஃப்டர் கால் நேரத்திலேயே கம்பெனி ஷேர் ட்ரைவில் ஒரு எக்ஸெல் ஷீட்டில் நான்கு நெடுவரிசை மட்டும் நிரப்பி வந்தாள்: தேதி, கால் வகை, ஏழு நாளுக்குள் இதே விஷயத்துக்கு முன்பே கூப்பிட்டவரா, அப்படியென்றால் ஏன் மறுபடி கூப்பிட்டார். கஸ்டமர் பெயர், நம்பர், ஆர்டர் ஐடி எதுவும் அதில் இல்லை. சதவீதம் எடுக்க இந்த ஒரு வரி:

```
=COUNTIFS(B:B,"UPI_FAIL",C:C,"Y")/COUNTIFS(B:B,"UPI_FAIL")
```

கீழே வரும் எண்களைக் கணக்கு புரிவதற்காக வட்டமாக்கியிருக்கிறேன். அந்த வகையில் அவளுக்கு வந்த 120 காலில் 48 பேர் மறுபடி கூப்பிட்டவர்கள், 40 சதவீதம். காரணம் வாரியாகப் பிரித்தால் படம் தெளிவானது. 29 பேருக்கு 5 நாள் இன்னும் முடியவே இல்லை. முந்தைய நோட்ஸில் 'வொர்க்கிங் டேஸ்' வரி இருந்தது, கஸ்டமர் காதில் விழுந்தது 'ஐந்து' மட்டும், அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரியாமல் மூன்றாம் நாளே பதறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார். 11 பேர் பேங்க்குக்குப் போயிருக்கிறார்கள், அங்கே 12 இலக்க யூபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டிருக்கிறார்கள், அதை நம் ஏஜென்ட் எடுத்துச் சொல்லவில்லை. மிச்சம் 8 பேருக்கு உண்மையிலேயே 5 நாள் தாண்டிவிட்டது. அவர்களுக்கு ஏஜென்ட் என்ன பேசினாலும் தீராது, எஸ்கலேஷனுக்குத்தான் போக வேண்டும்.

இங்கே அவள் 'ஏஜென்டுகள் தவறாகச் சொல்கிறார்கள்' என்று நிறுத்தியிருந்தால் அது புகார். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று பின்னால் போனாள். நாலெட்ஜ் பேஸில் அந்த வரி இருக்கிறது. ஏன் இருக்கிறது? அது கார்டில் கட்டி, பின்னால் ஆர்டரைக் கேன்சல் செய்தவர்களுக்கான ரீஃபண்ட் பக்கம். யூபிஐ ஃபெயிலுக்குத் தனிப் பக்கமே இல்லை. சர்ச்சில் 'பணம் திரும்ப' என்று தட்டினால் அந்த ஒரே பக்கம்தான் வரும். ஏஜென்ட் அவசரத்தில் கண்ணில் பட்டதைப் படிக்கிறார். ரூட் காஸ் என்று க்வாலிட்டியில் சொல்வது இதைத்தான். ஆளில் தொடங்கிய கேள்வி ஒரு பக்கத்திலோ, ஸ்க்ரீனிலோ, விதியிலோ போய் முட்ட வேண்டும். ஆள் மேலேயே நின்றுவிட்டால் தேடல் முடியவில்லை என்று பொருள்.

பிறகு டிஎல் அனுமதியோடு அவளும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு வாரம் வேறு மாதிரி பேசிப் பார்த்தார்கள். நாள் எண்ணிக்கையைச் சொல்லாமல் தேதியைச் சொல்வது: "சார், 12-ஆம் தேதி கட்டியிருக்கீங்க. 17-ஆம் தேதி ராத்திரிக்குள்ள உங்க அக்கவுண்ட்டுக்கே வந்துடணும். வரலைன்னா 18-ஆம் தேதி காலையில கூப்பிடுங்க, மேல அனுப்பிடுறோம். பேங்க்ல கேட்டா இந்த நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கிறீங்களா?" அனுமதி என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கிளையன்ட் ஒப்புக்கொண்ட ஸ்க்ரிப்டை ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு மாற்றினால், எவ்வளவு நல்ல மாற்றமாக இருந்தாலும் ஆடிட்டில் மாட்டும்.

இரண்டு வாரம் கழித்து டிஎல், ரிப்போர்ட் எடுத்துத் தரும் எம்ஐஎஸ் டீமிடம் சொல்லி ஏஜென்ட் வாரியாக ரிபீட் கால் ரிப்போர்ட் எடுத்தார். இந்த மூவரின் கால்களில் 100-க்கு 40-ஆக இருந்தது 22-ஆக இறங்கியிருந்தது. 18 குறைந்தது என்று குதிக்கலாம். அவள் அதே இரண்டு வாரத்தில் டீமின் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்த்தாள். அவர்களுக்கும் 40-லிருந்து 38 ஆகியிருந்தது. பேங்க் பக்கம் ஏதோ கொஞ்சம் சரியாகியிருக்கலாம். ஆக மாற்றத்தின் கணக்கில் வைக்கக்கூடியது 16. அந்த இரண்டைக் கழித்துச் சொன்னதுதான் பேனலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மாதத் தொடக்கத்துக்கும் கடைசிக்கும் கால் வரத்து மாறும், ஆஃபர் வாரத்தில் ஃபெயிலியர் கூடும். முன்பு, பின்பு என்று மட்டும் ஒப்பிட்டால் எதையும் நிரூபித்துவிடலாம். ஒரே காலத்தில் மாற்றம் செய்யாதவர்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எதிர்பார்த்தபடி ஆபரேஷன்ஸ் மேனேஜர் கேட்டார். "தேதி சொல்லி, நம்பர் எழுத வச்சா ஏஹெச்டி ஏறுமேம்மா?"

"ஏறுச்சு சார், காலுக்கு 20 செகண்ட். 100 காலுக்கு 2,000 செகண்ட், சுமார் 33 நிமிஷம். ஆனா 16 கால் வராம போச்சு. ஒரு கால் 6 நிமிஷம்னு வச்சா 96 நிமிஷம். 100 காலுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் சார். மூணு பேர், ரெண்டு வாரம்தான் பாத்திருக்கோம், அதனால இன்னொரு டீம்லயும் வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

இந்தப் பதிலில் ஒரு க்யூஏக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. தன் யோசனையால் எது கெட்டது என்பதை அவளே முதலில் அளந்து வைத்திருந்தாள். எவ்வளவு சின்ன ஆதாரம் என்பதையும் மறைக்கவில்லை. கால்வரத்து அதிகமான ஒரு ஃப்ளோரில் ஏஹெச்டி ஏறுகிறது என்றாலே பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்து, எண்ணாலேயே பதில் சொன்னாள்.

இதுவரை சொன்னது க்யூஏ பக்கம். டிஎல் ஆசை இருப்பவர்களுக்கு இதோடு இன்னொன்று வேண்டும்: ஒரு ஆளைத் தூக்கிவிட்ட அனுபவம். டீமில் எண்கள் கடைசியில் இருக்கும் ஒருவரோடு உட்காரலாமா என்று டிஎல்லிடம் கேளுங்கள். அவர்கள் நேரமில்லாமல் தவிக்கிறவர்கள், பெரும்பாலும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். ஆனால் உட்காரும் முன் அந்த எண்ணை உடைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஏஹெச்டி 9 நிமிடம், டீம் சராசரி 6 என்று வைத்துக்கொள்வோம். உடனே "வேகமாப் பேசுடா" என்று சொல்லத்தான் வாய் வரும். பேச்சு, ஹோல்ட், ஆஃப்டர் கால் என்று பிரித்தால் அவருக்கு 5, இரண்டரை, ஒன்றரை என்று இருக்கிறது. டீமுக்கு 5, அரை, அரை. பேச்சில் வித்தியாசமே இல்லை! அவர் ஹோல்டில் போட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ரிட்டர்ன் பிக்கப் தேதி மாற்றும் ஸ்க்ரீன் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஃப்ளோர் சப்போர்ட்டைக் கூப்பிடுகிறார். கேட்க வெட்கப்பட்டு, ட்ரெய்னிங்கில் விட்டதை மாதக்கணக்கில் அப்படியே சமாளித்து வந்திருக்கிறார். ஒரு வாரத்துக்கு அந்த ஸ்க்ரீன் ஒன்றை மட்டும் பழக்குங்கள். அடுத்த வாரம் ஹோல்டை மட்டும் மறுபடி அளங்கள். ஒன்றைச் சரிசெய்யும்போது நான்கைச் சொன்னால் அவர் எதையும் பிடிக்கமாட்டார், எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது.

ஒவ்வொரு முறை உட்கார்ந்த பிறகும் நான்கு வரி எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எதைப் பார்த்தீர்கள், இருவரும் என்ன ஒப்புக்கொண்டீர்கள், மறுபடி எப்போது பார்ப்பது. டிஎல்கள் எழுதும் கோச்சிங் லாக் இதுதான். இதில் ஒரு நாசூக்கு இருக்கிறது. நீங்கள் இன்னும் சக ஏஜென்ட். அவருடைய குறையை வைத்து நீங்கள் மேலே போவதாக அவருக்குத் தோன்றினால் டீமில் உங்கள் பெயர் கெட்டுப்போகும், டிஎல் ஆன பிறகும் அது பின்தொடரும். பேனலில் சொல்லும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்: "அண்ணா, நாம ஹோல்ட் டைம் குறைச்சதை ஐஜேபில சொல்லிக்கட்டுமா? உங்க பேர் வராது." சரி என்றால்தான் சொல்லுங்கள்.

டிஎல் பேனலில் தவறாமல் வரும் ஒரு கேள்வி: "காலை ஷிஃப்ட்ல 18 பேர் இருக்கணும், மூணு பேர் வரல, என்ன பண்ணுவீங்க?" "நானே லாகின் பண்ணிக் கால் எடுப்பேன்" என்பதுதான் வழக்கமான பதில். மனசு நல்ல மனசு, பதில் ஏஜென்டுடைய பதில். 15 பேர் வேலையைப் பார்க்க வேண்டியவர் ஒரு காலுக்குள் மாட்டிக்கொண்டால் ஃப்ளோரை யார் பார்ப்பது? முதலில் வொர்க்ஃபோர்ஸ் டீமுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் கையில்தான் அரைமணிக்கு அரைமணி எவ்வளவு கால் வரும் என்ற கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துக் கால் குவியும் நேரத்தில் இருக்கும் பிரேக்கை முன்னே பின்னே நகர்த்தலாம். பிரேக்கைப் பறிக்கக் கூடாது. அன்றைக்கு வைத்திருந்த கோச்சிங்கையும் ரெஃப்ரெஷரையும் மதியத்துக்குத் தள்ளலாம். இரவு ஷிஃப்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம் கூட இருக்க விருப்பமுள்ளவர்கள் உண்டா என்று கேட்கலாம். வராத மூவருக்கும் போன் போட்டு என்ன ஆனது என்று விசாரிப்பதும் இதில் சேர்த்திதான். இந்த வரிசையைக் கற்க வழி, ஏதாவது ஒரு நாள் உங்கள் டிஎல் பக்கத்தில் ஷிஃப்ட் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது.

இத்தனையையும் பேப்பரில் கொண்டுவருவது சுலபம். ரெஸ்யூமில் 'தினமும் கஸ்டமர் அழைப்புகளைக் கையாண்டேன்', 'நல்ல டீம் பிளேயர்' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். 'யூபிஐ ஃபெயில் கால்களில் ரிபீட் ஏன் வருகிறது என்று 120 கால்களை வகைப்படுத்தினேன். நாலெட்ஜ் பேஸில் தனிப் பக்கம் இல்லாததைக் கண்டேன். மூவர் குழுவில் இரண்டு வார முயற்சியில் 100-க்கு 40-லிருந்து 22, அதே காலத்தில் மற்றவர்களுக்கு 38' என்று ஒரு வரி போதும். அதன் கீழே கேலிப்ரேஷன் பொருத்தம் ஒரு வரி, கோச்சிங் ஒரு வரி. வேறு கம்பெனிக்கு அனுப்பும் ரெஸ்யூமாக இருந்தால் கிளையன்ட் பெயரும் உள் எண்களும் வெளியே சொல்லக்கூடியவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தம் அதைத் தடுக்கலாம். கால் ரெக்கார்டிங்கையோ, கஸ்டமர் விவரம் தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டையோ 'ஆதாரம்' என்று எடுத்து வைத்துக்கொள்ளவே கூடாது. ஃப்ளோருக்குள் போனும் பேனாவும்கூட விடாத ப்ராசஸ்கள் இருக்கின்றன. அங்கே ஒரு போட்டோ எடுத்தால் ஐஜேபியோடு வேலையும் போகும்.

சர்டிஃபிகேட் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சிக்ஸ் சிக்மா யெல்லோ பெல்ட் படித்தால் தப்பில்லை, பரேட்டோ சார்ட்டும் ஐந்து 'ஏன்' கேள்விகளும் முறையாகத் தெரியும். கைக்காசு போட்டு கிரீன் பெல்ட்டுக்கு ஓட வேண்டாம், செய்து காட்ட ஒரு ப்ராஜெக்ட் இல்லாமல் அது பேனலில் எடுபடாது. அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் எக்ஸெலில் பிவட் டேபிள், விலுக்கப், கவுன்டிஃப்ஸ் மூன்றும் யோசிக்காமல் கை போடும் அளவுக்குப் பழகுங்கள். தமிழ் ப்ராசஸாக இருந்தாலும் ஆடிட் கமெண்ட், மெயில் எல்லாம் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான். எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடந்தது, கஸ்டமருக்கு அதனால் என்ன ஆனது, என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்று எளிய வாக்கியத்தில் எழுதத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் இங்கிலீஷ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அந்தப் பெண் க்யூஏ ஆனாள். யூபிஐ ஃபெயிலுக்குத் தனிப் பக்கம் எழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள்.

கடைசியாக, செலக்ட் ஆன பிறகு வரும் விஷயம். நல்ல இன்சென்டிவ் எடுக்கும் ஏஜென்ட் க்யூஏ ஆகும்போது கைக்கு வரும் சம்பளம் முதல் சில மாதம் குறையக்கூடும், ஏனென்றால் இன்சென்டிவும் சில இடங்களில் நைட் ஷிஃப்ட் அலவன்ஸும் நின்றுவிடும். ஐஜேபி மெயிலில் 'லேட்டரல்' என்று இருந்தால் கிரேடும் அடிப்படைச் சம்பளமும் மாறாது என்று அர்த்தம். 'ஆக்டிங் டிஎல்' என்று சொல்லி டெசிக்னேஷன் இல்லாமல் டீமைக் கையில் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அனுபவத்துக்கு அது நல்லதுதான், ஆனால் எத்தனை மாதம், அதன் பிறகு கன்ஃபர்மேஷன் எதை வைத்து, அது கிடைக்காவிட்டால் பழைய சீட்டும் பழைய இன்சென்டிவும் உண்டா, அடுத்த ஐஜேபிக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற நான்கையும் ஹெச்ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொண்ட பிறகே சரி என்று சொல்லுங்கள்.